பாக்கி ஐயாயிரம், வட்டி ஐம்பதாயிரத்துக்கு

கிரெடிட் கார்டு வாங்கும்போது எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை நாள் வட்டியில்லாமல் கிடைக்கும்?" என்பதுதான். 45 நாள், 50 நாள் என்று பதில் வரும். அது பொய்யில்லை. ஆனால் அந்தச் சலுகை ஒரு நிபந்தனையோடு வருகிறது: பில்லில் உள்ள முழுத்தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்ட வேண்டும். நூறு ரூபாய் குறைந்தாலும் சலுகை போய்விடும். குறைந்த அந்த நூறு ரூபாய்க்கு மட்டுமல்ல, அந்தப் பில்லில் உள்ள மொத்தச் செலவுக்கும் போய்விடும். இந்த அத்தியாயத்தில் அந்த ஒரு விஷயத்தைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

ஐம்பது நாள் எங்கிருந்து வருகிறது

உங்கள் கார்டின் பில் மாதாமாதம் 15-ஆம் தேதி தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 16 முதல் ஜூலை 15 வரை நீங்கள் செய்த செலவெல்லாம் ஜூலை 15 பில்லில் வரும். அதைக் கட்டக் கடைசித் தேதி 20 நாள் கழித்து, அதாவது ஆகஸ்ட் 4. பில் வந்த பிறகு கட்டுவதற்குக் குறைந்தது இரண்டு வாரமாவது தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பல வங்கிகள் 18 முதல் 20 நாள் வரை தருகின்றன.

ஜூலை 16 அன்று ஒரு பொருள் வாங்கினால் அது ஆகஸ்ட் 15 பில்லில் ஏறி, செப்டம்பர் 4-ல் கட்டினால் போதும் என்றாகிறது. 50 நாள் கிடைத்துவிட்டது. அதே பொருளை ஒரு நாள் முன்னால், ஜூலை 15 அன்று வாங்கியிருந்தால் ஆகஸ்ட் 4-லேயே கட்டியாக வேண்டும்; கிடைப்பது 20 நாள்தான். விளம்பரத்தில் வருவது எப்போதும் பெரிய எண். பில் தேதிக்கு மறுநாள் பெரிய செலவைச் செய்வது என்று சிலர் கணக்குப் போட்டு வாங்குவது இதனால்தான். அதில் தவறில்லை. பில் தேதி உங்கள் சம்பள நாளுக்குப் பொருந்தவில்லை என்றால் அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மாதம் 1-ஆம் தேதி சம்பளம் வாங்குபவருக்கு 28-ஆம் தேதி கடைசி நாளாக இருந்தால் கை காய்ந்திருக்கும் நேரத்தில் பில் வந்து நிற்கும். பலர் பாக்கி வைக்கத் தொடங்குவது அங்கேதான்.

ஒரு ஃபிரிட்ஜ், ஒரு துணிக்கடை

இனி உதாரணத்துக்கு வருவோம். ஜூன் 20 அன்று 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ். ஜூலை 10 அன்று 10,000 ரூபாய்க்குத் துணி. ஜூலை 15 பில் 50,000 ரூபாய். கார்டின் வட்டி மாதம் 3.5 சதவீதம். ஊர் வழக்கில் சொன்னால் மூன்றரை வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம். இந்தியாவில் புழக்கத்தில் உள்ள பல கார்டுகள் மூன்றரையிலும் மூன்றே முக்காலிலும் நிற்கின்றன. இதற்கு மேல்வரம்பு ஏதும் இல்லையா என்று கேட்கலாம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே வீதத்தை வங்கிதான் முடிவு செய்கிறது.

ஆகஸ்ட் 4 வந்துவிட்டது. உங்கள் கையில் 45,000 இருக்கிறது. ஐயாயிரம்தானே, அடுத்த மாதம் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று 45,000-ஐக் கட்டுகிறீர்கள். ஐயாயிரத்துக்கு மூன்றரை வட்டி என்றால் 175 ரூபாய் ஆகும் என்பது மனக்கணக்கு.

ஆகஸ்ட் 15 பில்லில் வட்டி 2,428 ரூபாய் என்று இருக்கும்.

இது பிழையில்லை. முழுத்தொகை வராததால் வட்டியில்லாக் காலம் ரத்தாகி, வங்கி பொருள் வாங்கிய நாளுக்கே திரும்பிப் போகிறது. ஃபிரிட்ஜின் 40,000 ரூபாய்க்கு ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 3 வரை 45 நாள். வட்டி 2,071 ரூபாய். துணியின் 10,000 ரூபாய்க்கு ஜூலை 10 முதல் 25 நாள், 288 ரூபாய். நீங்கள் 45,000 கட்டிய பிறகு மீந்த ஐயாயிரத்துக்கு ஆகஸ்ட் 4 முதல் பில் தேதி வரை 12 நாள், 69 ரூபாய். நீங்கள் மனதில் நினைத்திருந்த பாக்கிக்கான வட்டி இந்தக் கடைசி 69 ரூபாய்தான். மற்றதெல்லாம், கட்டி முடித்த பணத்துக்கும் சேர்த்துப் பழைய நாட்களுக்குப் போட்ட வட்டி.

வட்டி ஒரு சேவைக் கட்டணம்போலக் கருதப்படுவதால் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 437 ரூபாய். ஆக மொத்தம் 2,865.

ஐயாயிரம் ரூபாயைக் கட்டாமல் விட்டதற்கு ஒரே பில்லில் 2,865 ரூபாய் ஆகிறது என்றால், அந்த ஐயாயிரத்தை யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது ஆகஸ்ட் 4-க்குள் கட்டியிருக்க வேண்டும். நகையை அடகு வைத்திருந்தாலும் பத்து நாளுக்கு வட்டி சில பத்து ரூபாயில் முடிந்திருக்கும். பெரிய தொகை குறைந்தால் எல்லோரும் பதறி ஏற்பாடு செய்கிறார்கள். சிறிய தொகை குறையும்போதுதான் அசட்டையாக விடுகிறார்கள். கிரெடிட் கார்டில் அதிக விலை கொடுக்கிற அசட்டை அதுதான்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் மறுமுனையில் இருப்பவர் நிதானமாகச் சொல்வார்: "போன மாசப் பில்லை ஃபுல்லா கட்டலை சார், அதனால டிரான்சாக்‌ஷன் தேதியிலிருந்து வட்டி வந்திருக்கு." அவர் சொல்வது சரி. கார்டோடு வந்த எம்ஐடிசி என்ற முக்கிய நிபந்தனைத் தாளில் இது அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கும் அதில் இருக்கும். உங்கள் வங்கி எந்த நாளிலிருந்து எண்ணுகிறது, வீதம் எவ்வளவு என்பதை அங்கே பார்த்து, மேலே போட்ட கணக்கில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். சூத்திரம் ஒன்றுதான்:

```
வட்டி = தொகை × நாட்கள் × (மாத வட்டி × 12) ÷ 365
```

3.5 சதவீதம் என்றால் அடைப்புக்குறிக்குள் 0.42 வரும்.

குறைந்தபட்சத் தொகை எதைக் காப்பாற்றுகிறது

பில்லின் மேலே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்த பாக்கி, மற்றது மினிமம் டியூ என்கிற குறைந்தபட்சத் தொகை. நம் உதாரணத்தில் 50,000-க்கு 5 சதவீதம், 2,500. செயலியில் கட்டப் போனாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

2,500 ரூபாய் கட்டினால் உங்களைக் காலதாமதக்காரர் என்று வங்கி சொல்லாது. தாமதக் கட்டணம் வராது. சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தவறியதாகத் தகவல் போகாது. குறைந்தபட்சத்தையும் கட்டாமல் 90 நாள் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகும். அதையும் இது தடுக்கிறது. (கடைசித் தேதி தவறி மூன்று நாள் தாண்டிய பிறகுதான் தாமதக் கட்டணம் போடவோ தகவல் அனுப்பவோ முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வேலை மும்முரத்தில் ஒரு நாள் மறந்தவர்களுக்கு இது உயிர் காக்கும். ஆனால் வட்டிக்கு இந்த மூன்று நாள் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.)

வட்டி விஷயத்தில் குறைந்தபட்சத் தொகை எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அதே உதாரணத்தில் ஆகஸ்ட் 4 அன்று 2,500 மட்டும் கட்டினால், பழைய நாட்களுக்கான 2,359 ரூபாய் அப்படியே வரும். மீதி 47,500-க்கு 12 நாள் வட்டி 656. ஜிஎஸ்டியோடு சேர்த்து 3,557. நீங்கள் 2,500 கட்டினீர்கள். பில்லில் 3,557 ஏறியது. எதையும் புதிதாக வாங்காமலேயே 50,000 இருந்த பாக்கி 51,057 ஆகிவிட்டது.

அடுத்த பில்லில் குறைந்தபட்சத் தொகை 2,500-ஐ ஒட்டி இருக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இன்னோர் அதிர்ச்சி. மாதாமாதம் வட்டியைக்கூட அடைக்காத அளவுக்குக் குறைந்தபட்சத்தைச் சின்னதாக வைத்துக் கடனை வீங்கவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறை சொல்கிறது. அதனால் அசலில் 5 சதவீதம், அதோடு ஏறிய வட்டியும் வரியும் முழுதாக என்று கணக்கிடும் வங்கிகள் உண்டு. அப்படியானால் செப்டம்பரில் நீங்கள் கட்ட வேண்டிய குறைந்தபட்சம் 2,375-உம் 3,557-உம் சேர்ந்து 5,932. அதில் அசலுக்குப் போவது 2,375 மட்டுமே.

இதே வழியில் ஓர் ஆண்டு ஓட்டினால் என்ன ஆகும்? 12 முறை குறைந்தபட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் சுமார் 23,000 கழிந்திருக்கும். வட்டிக்கும் வரிக்குமாக ஏறத்தாழ 19,000 தனியே போயிருக்கும். பாக்கி இன்னும் 27,000 நிற்கும். ஒவ்வொரு முறையும் மிச்சத்தில்தான் 5 சதவீதம் என்பதால் கட்டுகிற தொகையும் சுருங்கிக்கொண்டே போகிறது. 50,000 ரூபாய் 5,000 ஆகக் குறையவே 45 மாதம் பிடிக்கும். அதற்குள் அந்த ஃபிரிட்ஜின் வாரண்டி முடிந்தாலும் முடிந்திருக்கும்.

ஒரு சிறு பொறியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆட்டோபே வைத்திருப்பவர்கள் அதில் எந்த எண் தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். மொத்த பாக்கி, குறைந்தபட்சம் என இரண்டு தேர்வுகள் இருக்கும். அவசரத்தில் குறைந்தபட்சத்தைத் தொட்டுவிட்டு, "பில்தான் தானாகவே போகிறதே" என்று மாதக்கணக்கில் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜஸ் என்ற பதிவு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி. அந்தப் பதிவு இருந்தால் எங்கோ முழுத்தொகை போகவில்லை.

வட்டி எப்படிக் குட்டி போடுகிறது

வட்டிக்கு வட்டி என்றால், கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஓடுவது என்று எல்லோருக்கும் தெரியும். மாதம் 3.5 சதவீதம் அப்படிச் சேர்ந்துகொண்டே போனால் ஆண்டு முடிவில் 42 அல்ல, 51 சதவீதம் ஆகும். ஆனால் கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலில் சேர்த்து வட்டி போடக் கூடாது என்று அதே நெறிமுறை தடுக்கிறது. தாமதக் கட்டணத்துக்கும் ஜிஎஸ்டிக்கும் வட்டி ஏறியிருந்தால் நீங்கள் தாராளமாகப் புகார் செய்யலாம். கட்டாத வட்டியை உங்கள் வங்கி எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதை எம்ஐடிசியில்தான் பார்க்க வேண்டும்.

இந்த விதியைப் படித்துவிட்டு நிம்மதியடைவதற்கு முன், நீங்கள் கட்டும் பணம் எந்த வரிசையில் வரவு வைக்கப்படுகிறது என்று பாருங்கள். பொதுவாக வரி, கட்டணம், வட்டி இவை முதலில் கழியும். வாங்கிய பொருளுக்கான அசல் கடைசியில்தான். முதல் உதாரணத்துக்குத் திரும்பினால், ஆகஸ்ட் 15 பில் 7,865 ரூபாய். "நான் வைத்த பாக்கி ஐயாயிரம்தானே" என்று கோபத்தில் செப்டம்பர் 4 அன்று ஐயாயிரம் மட்டும் கட்டினால், அதில் 437 வரிக்கும் 2,428 வட்டிக்கும் போய், அசலுக்குக் கிடைப்பது 2,135. அசல் 2,865 ரூபாய் நின்றுவிடும். அதன்மேல் நாள்தோறும் வட்டி ஓடும். வட்டிக்கு நேராக வட்டி போடாமலேயே அந்தத் தொகை குட்டி போட்டுவிட்டது. வங்கி வட்டியை அசலில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், பாக்கி வைப்பவருக்கு விளைவு ஏறக்குறைய ஒன்றே.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பாக்கி இருக்கும் மாதத்தில் புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆகஸ்ட் 12 அன்று 600 ரூபாய்க்கு மளிகை வாங்கினாலும் அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். ஆகவே பாக்கி வைத்த கார்டை அது தீரும்வரை பையிலிருந்தே எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். வேறு கார்டு இருந்தால் அதில் பாக்கி இல்லாதவரை அதன் வட்டியில்லாக் காலம் தனியே செல்லும். இல்லையென்றால் டெபிட் கார்டும் யுபிஐயும் போதும். அந்த மாதம் ரிவார்டு பாயின்ட் போனால் போகட்டும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் செருகிப் பணம் எடுப்பதற்கு எந்த மாதத்திலும் இந்தச் சலுகை இல்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதோடு தனிக் கட்டணம்.

முழுத்தொகை இல்லாதபோது

எவ்வளவு குறைகிறது என்பதைப் பொறுத்து வழி மாறும். குறைவது சிறு தொகை என்றால், மேலே பார்த்தபடி, வெளியில் புரட்டிக் கடைசித் தேதிக்குள் அடைப்பதைவிட மலிவான வழி கிடையாது.

பெரிய தொகை குறைகிறது என்றால் கடைசித் தேதிக்கு முன்பே பெரிய செலவை இஎம்ஐயாக மாற்றிக் கேளுங்கள். ஃபிரிட்ஜின் 40,000 ரூபாயை ஆண்டுக்கு 16 சதவீதத்தில் 12 தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 3,630 வரும். ஆண்டு முழுக்க வட்டி 3,550, அதன்மேல் ஜிஎஸ்டி 640 ரூபாய், பிறகு வங்கி வாங்கும் செயலாக்கக் கட்டணம். சின்னச் செலவில்லை. ஆனால் குறைந்தபட்சம் கட்டும் வழியில் 19,000 போன பிறகும் 27,000 நின்றது. இங்கே ஓராண்டில் ஃபிரிட்ஜ் கடன் முடிந்துவிடுகிறது. மாற்றியபின் செயலி காட்டும் புதிய மொத்த பாக்கியை முழுதாகக் கட்டிவிட்டால் மற்ற செலவுகளுக்கு வட்டியில்லாக் காலமும் தொடரும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை அடைப்பது இதைவிட மலிவாக இருக்கலாம். நகைக்குக் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கொடுக்கிற இடத்தில் கார்டுக்கு மூன்றரை வட்டி கொடுத்துக்கொண்டு நகையைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பது கௌரவத்துக்கு உதவலாம், கணக்குக்கு உதவாது.

இரண்டுக்கும் வழியில்லை, பாக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்த கடைசித் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். சலுகை போன பிறகு கடைசித் தேதிக்கு வட்டிக் கணக்கில் எந்த மதிப்பும் இல்லை. வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. 10,000 ரூபாய்க்கு ஒரு நாளுக்குப் பதினொன்றரை ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் பதின்மூன்றரை. சம்பளம் 1-ஆம் தேதி வந்தால் அன்றே கட்டுங்கள். சீட்டுப் பணமோ போனஸோ மாத நடுவில் வந்தால் வந்த அன்றே கட்டுங்கள். மாதத்தில் மூன்று முறை கட்டினாலும் வங்கி ஏற்றுக்கொள்ளும்.

கடைசியாக, பழைய நிலைக்குத் திரும்புவது. ஆகஸ்ட் 15 பில்லின் 7,865 ரூபாயையும் செப்டம்பர் 4 அன்று முழுதாகக் கட்டிவிட்டீர்கள். செப்டம்பர் 15 பில்லில் மறுபடியும் 109 ரூபாய் வட்டியும் 20 ரூபாய் ஜிஎஸ்டியும் வந்திருக்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். இல்லை, ஆகஸ்ட் 16 முதல் செப்டம்பர் 3 வரை அந்த ஐயாயிரத்துக்கு ஓடிய 19 நாள் வட்டி ஆகஸ்ட் பில் அச்சானபோது இன்னும் உருவாகியிருக்கவில்லை, இப்போது வந்திருக்கிறது. இந்த 129 ரூபாயைச் சில்லறைத் தொகை என்று விட்டுவிட்டால் அதுவே மறுபடி முழுத்தொகை கட்டாத பில் ஆகிவிடும், சலுகை மறுபடி போய்விடும். அதையும் கட்டுங்கள். அதற்கடுத்த பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜஸ் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எந்தத் தேதியில் என் வட்டியில்லாக் காலம் திரும்பியது என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். பூஜ்யம் வந்த பிறகுதான் வீட்டில் வைத்த கார்டை மறுபடி எடுங்கள்.